வீட்டை விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் தெருக்களில் ஒரு மாலை நேரம் நடந்தால் ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாகத் தென்படும். எண்பதுகளின் இறுதியில் மனை வாங்கி, பி.எஃப். கடன் எடுத்து, நகையை அடகு வைத்து மாதச் சம்பளக்காரர்கள் கட்டிய தனி வீடுகள் அவை. வாசலில் துளசி மாடம், பக்கவாட்டில் ஒரு தென்னை, மேலே பிள்ளைகளுக்காக எழுப்பிய மாடி. இன்று அந்த மாடிகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறார்கள். கீழே இரண்டு பேர், அறுபதைத் தாண்டியவர்கள், நான்கு அறைகளில் இரண்டை மட்டும் புழங்கிக்கொண்டு வாழ்கிறார்கள்.

இவர்கள் வீட்டுக்குத் தரகர் வருவதும், "சார், இந்த இடத்துக்கு நல்ல விலை வருது, வித்துட்டு ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் வாங்கிக்குங்க, மிச்சத்தை பேங்க்ல போட்டா வட்டியிலயே ராஜா மாதிரி இருக்கலாம்" என்பதும் வாடிக்கையாகிவிட்டது. பேச்சு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'மிச்சம்' எவ்வளவு என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கணவருக்கு 68 வயது, தனியார் நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய பென்ஷன் கிடையாது. மனைவிக்கு 64. மனையை 1989இல் கணவர் தம் பெயரில் வாங்கி, பிறகு வீடு கட்டினார். இன்று மனையும் வீடுமாக 1 கோடியே 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் வைத்த கட்டடத்தில், 900 சதுர அடி ஃபிளாட் ஒன்று மறுவிற்பனைக்கு இருக்கிறது. விலை 75 லட்சம். பகுதிக்குப் பகுதி விலை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

முதலில் மனதில் ஓடும் கணக்கு 160இல் 75 போனால் 85. ஆக, 85 லட்சம் கைக்கு வரும் என்று தோன்றும்.

வராது. விற்பதற்குத் தரகு 1 சதவீதம் என்றால் 1 லட்சத்து 60 ஆயிரம். வாங்கும் ஃபிளாட்டுக்கும் தரகு, அது 75 ஆயிரம். தமிழ்நாட்டில் மறுவிற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 75 லட்சத்துக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் ஆகிறது. வீடு மாற்றும் லாரி, குளியலறையில் வழுக்காத தரை, கைப்பிடி, சமையலறை அலமாரி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 3 லட்சம் என்று வைப்பது தாராளம் இல்லை. இதுவரை 12 லட்சம் போய்விட்டது. இன்னும் வருமான வரி பாக்கி.

வரியை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் கொஞ்சம் அளவுக்கு மீறியது. 2024 ஜூலை 23 முதல் வீடு, மனை விற்ற நீண்டகால லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல். அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய சொத்தாக இருந்தால், பழைய முறைப்படி விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று தனிநபர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். 2001 ஏப்ரலுக்கு முன்பு வாங்கியவர்கள் அசல் விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. ஊரில் பலர் மதிப்பீட்டாளரிடம் பெரிய தொகையாக எழுதி வாங்கிவிட்டு நோட்டீஸ் வாங்குவது இந்த இடத்தில்தான்.

நம் தம்பதியின் சொத்துக்கு அந்த மதிப்பு 10 லட்சம் என்று கொள்வோம். தரகு போக விற்ற தொகை 158.4 லட்சம்; லாபம் 148.4 லட்சம். பழைய முறையில் 10 லட்சம், 2025-26க்கான குறியீடு 376 என்பதால், 37.6 லட்சமாக உயரும். ஆனாலும் 20 சதவீதம் என்பதால் வரி கூடுதலாகவே வருகிறது. விற்கும் விலை 2001 மதிப்பைப் போல எட்டு மடங்குக்கும் சற்று மேல் போய்விட்டாலே புதிய 12.5 சதவீதம்தான் லாபம். சென்னைப் புறநகர் மனைகள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டவை. விலை அவ்வளவு ஏறாத சிறு ஊர்களில் இந்தக் கணக்குத் திரும்பலாம். அங்கே இரண்டையும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த 148.4 லட்சத்துக்கும் வரி இல்லை. வீட்டை விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால், அந்த வீட்டுக்கு ஆன அளவு லாபத்துக்கு விலக்கு உண்டு. ஆடிட்டர்கள் இதை '54' என்றே சொல்வார்கள். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் பழக்கத்தில் பழைய எண்ணே நிற்கிறது. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டு. பத்திரத்தில் விற்றவர் பெயர் இருக்க வேண்டும். பிள்ளை பெயரில் மட்டும் வாங்கிவிட்டு இந்த விலக்கைக் கேட்டால் சிக்கல்தான். முத்திரைத் தீர்வையும் சேர்த்து நம் ஃபிளாட்டின் அடக்கம் 82.5 லட்சம். ஆக, மீதி லாபம் 65.9 லட்சம்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வெளியிடும் மூலதன ஆதாயப் பத்திரங்கள். விற்ற ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை போடலாம், ஐந்து ஆண்டு எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை வரும், அந்த வட்டிக்கு வரி உண்டு. 50 லட்சத்தை அதில் போட்டால் 15.9 லட்சத்துக்கு மட்டும் வரி. மேல்வரியோடு ஏறத்தாழ 2 லட்சத்து 7 ஆயிரம். போடாமல் விட்டால், ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் கூடுதல் சர்சார்ஜும் ஏறி, வரி 9 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் போகும்.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். தரகு, பதிவு, வீடு மாற்றும் செலவு, வரி எல்லாம் சேர்ந்து 14 லட்சத்துக்கு மேல் வழியிலேயே கரைந்துவிட்டது. 85 லட்சம் என்று நினைத்த இடத்தில் நிற்பது சுமார் 70 லட்சத்து 80 ஆயிரம். அதில் 50 லட்சம் ஐந்து ஆண்டுக்குப் பூட்டு.

இந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதில், ஓய்வு பெற்றவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை விட்டுவிட்டு வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. 60 வயதான ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன் மனைவி இருவரும் தனித்தனியே போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமான வட்டி 2025இலும் அப்படியே தொடர்ந்தது. போட்ட நாளின் வட்டி விகிதம் ஐந்து ஆண்டும் மாறாது. அரசின் உத்தரவாதம் முழுத் தொகைக்கும் உண்டு. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

மனைவி பெயரில் போடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், விற்ற பணம் அவருடையது. அதை மனைவிக்குக் கொடுத்து அவர் பெயரில் போட்டாலும், வரும் வட்டி சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேரும். புதிய வரி முறையில், 2025-26 முதல், 12 லட்சம் வரை வழக்கமான வருமானத்துக்கு வரி வராத தள்ளுபடி இருப்பதால், இந்த அளவு பணத்தில் பெரும்பாலோருக்கு அது பாதிப்பு இல்லை. ரிட்டர்னில் சரியாகக் காட்டினால் போதும். வீடு விற்ற ஆண்டில் மட்டும் லாபமும் வருமானத்தில் சேர்ந்து அந்தத் தள்ளுபடி கைவிட்டுப் போகலாம்.

சரி, மாதம் எவ்வளவு? பத்திரத்தில் 50 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 2 லட்சத்து 62 ஆயிரம். மீதி 20.8 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டால் 1 லட்சத்து 70 ஆயிரம். மாதக் கணக்கில் சுமார் 36 ஆயிரம் ரூபாய்.

வரியைக் கட்டிவிட்டு, பத்திரம் வேண்டாம் என்று முடிவெடுத்தால்? கையில் 63 லட்சத்து 50 ஆயிரம் நிற்கும். இருவர் பெயரிலும் 30, 30 போட்டால் மாதம் 41 ஆயிரம். அவசரத்துக்கு மூன்றரை லட்சம் வங்கியில் இருக்கும். மாதவரவு கூடுதல், ஆனால் ஐந்து ஆண்டு முடிவில் மூலதனம் 7 லட்சத்துக்கு மேல் குறைவு. ஐந்து ஆண்டு மொத்தத்தில் பத்திர வழி மூன்று லட்சம் போல முன்னே நிற்கும். அந்த மூன்று லட்சத்துக்காக 50 லட்சத்தை ஐந்து ஆண்டுக்குப் பூட்டலாமா என்பது உடல்நிலையைப் பொறுத்தது. 68 வயதில் நல்ல மருத்துவக் காப்பீடும் வேறு சேமிப்பும் உள்ளவர் பூட்டலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, காப்பீடும் இல்லாதவருக்குக் கையில் பணம் இருப்பதே மேல்.

இதுவரை போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 36 ஆயிரம் என்பது எதோடு ஒப்பிட்டு லாபம்? வீட்டிலேயே இருந்தால் வருமானம் பூஜ்யம் என்ற நினைப்போடு. அந்தப் பூட்டிக் கிடக்கும் மாடியை மறந்துவிட்டோம்.

அதே தெருவில் ஒரு மாடிக்கு 18 ஆயிரம் வாடகை வருகிறது என்று வையுங்கள். வெளியே தனிப் படிக்கட்டு, தனி மின் இணைப்பு, கொஞ்சம் மராமத்து என்று சில லட்சம் செலவழித்தால் அந்த வாடகை நம் தம்பதிக்கும் கிடைக்கும். ஃபிளாட்டுக்குப் போனால் மாதம் சுமார் மூன்றரை ஆயிரம் அசோசியேஷன் பராமரிப்பும் கட்ட வேண்டும். 36 ஆயிரத்தில் பராமரிப்பையும் கைவிட்டுப்போகும் வாடகையையும் கழித்தால் நிற்பது 14 ஆயிரத்து 500 ரூபாய். நான்கு அறை வீட்டையும் மனையையும் கொடுத்து, 14 லட்சத்தைச் செலவழித்து, மாதத்துக்குப் பெறும் உண்மையான கூடுதல் அவ்வளவுதான்.

அதிலும் ஒரு நுட்பம். வாடகை ஆண்டுதோறும் ஏறும். 5 சதவீதம் ஏறினால் 18 ஆயிரம் பத்து ஆண்டில் 29 ஆயிரத்தைத் தாண்டும். வட்டி ஏறாது. ஐந்து ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது அன்றைய விகிதம் என்னவோ அதுதான். இதே திட்டத்தின் வட்டி 2020 ஏப்ரலில் 8.6இலிருந்து 7.4 சதவீதமாக இறங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே கிடந்ததை, அந்தச் சமயத்தில் பணத்தைப் புதுப்பித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் பத்திரத்தின் 50 லட்சம் திரும்பி வந்து நல்ல வட்டிக்குப் போகும் என்பது உண்மை. அப்போது மாதவரவு 41 ஆயிரத்தைத் தாண்டும். அதற்குள் வாடகையும் 23 ஆயிரத்தை எட்டியிருக்கும்.

ஆகவே, வாடகைக்கு விடக்கூடிய மாடி உள்ள தம்பதி பணத்துக்காக மட்டும் வீட்டை விற்க வேண்டிய அவசியம் இல்லை. மாடியே இல்லாத, அல்லது குடி வைக்க முடியாதபடி உள்படிக்கட்டு மட்டும் உள்ள வீட்டுக்காரர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு அந்த 36 ஆயிரத்தில் பெரும்பகுதி உண்மையான லாபம்.

ஆனால் பணம் மட்டும் பேசி முடிகிற விஷயம் இல்லையே இது. மனைவியிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். "ஏங்க, வாடகை வரும் சரி. குடியிருக்கிறவங்க மோட்டார் ஓடலைன்னு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டா யார் போறது? மழை பெஞ்சா மொட்டை மாடில தண்ணி நிக்குது, ஆளைப் பிடிச்சு அடைப்பு எடுக்கணும். உங்களுக்கு அடுத்த வருஷம் முட்டி ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியாச்சு." 75 வயதில் வீட்டுக்காரராக இருப்பது ஒரு வேலை. அதைச் செய்ய ஆள் இல்லாதவர்களுக்கு மாதம் 14 ஆயிரத்தோடு நிம்மதியும் சேர்ந்து வருகிறது என்றால், விற்பது சரியான முடிவாகவே இருக்கலாம். முழங்காலுக்கும் தனிமைக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும். அதை வட்டிக் கணக்கின் பெயரில் எடுக்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

இருவருக்கும் கருத்து வேறாக இருந்தால் ஒரு நடைமுறை வழி உண்டு. வீட்டை விற்காமலே, அதே பகுதியில் ஒரு ஃபிளாட்டை ஆறு மாதம் அல்லது ஓராண்டு வாடகைக்கு எடுத்துக் குடியிருந்து பார்ப்பது. சொந்த வீட்டை அந்தக் காலத்துக்கு வாடகைக்கு விட்டால் கைச்செலவு பெரிதாக இருக்காது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், 2019 முதல், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். லிஃப்ட் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறதா, கோடையில் தண்ணீர் லாரிக்குத் தனியாக வசூலிக்கிறார்களா, பக்கத்து வீட்டில் பேச ஆள் உண்டா என்பதெல்லாம் வாங்கிய பிறகு தெரிவதைவிட வாடகைக்கு இருக்கும்போது தெரிவது நல்லது. இல்லை, முதலில் விற்றுவிட்டோம் என்றாலும் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கை வங்கியில் தொடங்கிப் பணத்தைப் போட்டுவிட்டால், இரண்டு ஆண்டு வரை நிதானமாகத் தேடலாம். ஆறு மாத அவகாசம் பத்திரத்துக்குத்தான். அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆடித் தள்ளுபடிக்கு ஓடுவதுபோல ஃபிளாட் வாங்கியவர்கள் பலர்.

வாங்கும் ஃபிளாட்டின் வயதையும் பார்க்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக முப்பது ஆண்டுக் கட்டடத்தை வாங்கினால் புதிதாக ஒரு ஆபத்து. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி உண்டு. முதலீட்டாளருக்கு அது நல்ல செய்தி. 79 வயதில் பெட்டி படுக்கையோடு இன்னொரு முறை வாடகை வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு அப்படி இல்லை. பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு, சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வரைபடத்தில் இந்தத் தளம் இருக்கிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதும் தெரிகிறதா என்பவற்றை வழக்கறிஞர் பார்ப்பார். குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்பதை அவர் பார்க்க மாட்டார். அதை நாமே டேப் வைத்து அளக்க வேண்டும்.

விற்கும்போது வரும் ஒரு வலையையும் சொல்ல வேண்டும். வாங்குபவர், "பாதியைப் பத்திரத்தில் காட்டிக்கலாம், மீதியை ரொக்கமா வாங்கிக்குங்க, உங்களுக்கு வரி மிச்சம்" என்பார். சொத்து விற்பனையில் 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் விடுங்கள், ரொக்கமாக வந்த 40 லட்சத்தை ஓய்வு பெற்ற ஒருவர் எங்கே கொண்டுபோய் வைப்பது? மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட முடியாது, மருத்துவமனை பில்லுக்குக்கூட முழுதாகக் கட்ட முடியாது. மேலே பார்த்தபடி, முழு விலையையும் காட்டினாலும் நம் தம்பதி கட்டும் வரி 2 லட்சத்துச் சொச்சம்தான். முழுத் தொகையும் வங்கி வழியே வருகிற வாங்குபவருக்கு இரண்டு மூன்று லட்சம் குறைத்துக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு வரித்துறைக்குக் கட்டுவார். அந்த 1 லட்சத்து 60 ஆயிரத்தை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

நம் தம்பதி என்ன செய்வார்கள்? முட்டி அறுவை சிகிச்சை அடுத்த ஆண்டு என்று தேதி குறித்தாகிவிட்டது. அதுவரை மாடியைச் சீர்செய்து வாடகைக்கு விடலாம். சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம், லிஃப்ட் உள்ள ஓர் ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். 2001 வழிகாட்டி மதிப்பு, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் இப்போதே எடுத்து ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவைக்கலாம். இதற்கெல்லாம் விற்பனை ஒப்பந்தம் தேவையில்லை. தரகரிடம் அட்வான்ஸ் வாங்கும் நாளை ஓராண்டு தள்ளிப்போட்டால் போதும்.